ஒரே மார்க் எடுத்தவங்களுக்கு ஒரே ரேங்க் - மார்க் லிஸ்ட்ட சரியா ரேங்க் லிஸ்ட் ஆக்குறது எப்படி

ஒரு தடவை நான் போட்டுக் கொடுத்த ரேங்க் லிஸ்ட்ட பாத்துட்டு ஒரு அம்மா வந்து கேட்டாங்க, "சார், மூணு பிள்ளைங்களுக்கும் டோட்டல் 207 தான போட்டிருக்கு, அப்புறம் ஏன் ஒருத்தன் அஞ்சாவது, ஒருத்தன் ஆறாவது, என் பொண்ணு மட்டும் ஏழாவது?" என்கிட்ட பதில் இல்ல. டோட்டல் படி வரிசைப்படுத்திட்டு மேலேர்ந்து 1, 2, 3ன்னு இழுத்து விட்டிருந்தேன், அவ்ளோதான். அந்தப் பொண்ணோட வரிசை எண் மத்த ரெண்டு பேர விட பெருசு, அதனால கடைசியா வந்துட்டா. அவ மார்க்குக்கும் அந்த ஏழுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அன்னிலேர்ந்து இந்த வேலைய எப்படி செய்யணும்னு ஒரு ஒழுங்கு வச்சிருக்கேன், அத புதுசா லிஸ்ட் போடுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன்.

முதல்ல ஒரு சின்ன லிஸ்ட் எடுத்துக்குவோம், எட்டு பேர், மூணு பாடம், ஒவ்வொண்ணும் 100 மார்க். இத ஸ்ப்ரெட்ஷீட்ல A1-ல ஆரம்பிச்சு அடிச்சிருக்கோம்னு வச்சுக்கோங்க. அதாவது A-ல எண், B-ல மொழி, C-ல கணக்கு, D-ல அறிவியல், E-ல டோட்டல். மாணவர்கள் 2வது வரிலேர்ந்து 9வது வரி வரைக்கும்.

| எண் | மொழி | கணக்கு | அறிவியல் | டோட்டல் |
|---|---|---|---|---|
| 101 | 78 | 91 | 84 | 253 |
| 102 | 65 | 72 | 70 | 207 |
| 103 | 88 | 80 | 85 | 253 |
| 104 | 92 | 95 | 90 | 277 |
| 105 | 70 | 67 | 70 | 207 |
| 106 | 81 | 76 | 79 | 236 |
| 107 | 65 | 80 | 62 | 207 |
| 108 | 55 | AB | 61 | 116 |

AB-ன்னா அந்தப் பரீட்சைக்கு வரல, ஆப்சென்ட்.

இப்போ ரேங்க்னா என்னன்னு ஒரே ஒரு வரியில புடிச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதுலேர்ந்தே வந்துரும்: எனக்கு மேல எத்தனை பேர் இருக்காங்களோ அதோட ஒண்ணு கூட்டினா அதுதான் என் ரேங்க். 104க்கு மேல யாரும் இல்ல, பூஜ்யம் கூட்டல் ஒண்ணு, அதனால 1. 101க்கு மேல ஒருத்தர்தான் இருக்காரு, அதனால 2. 103க்கு மேலயும் அதே ஒருத்தர்தான், ஏன்னா 101 அவருக்கு மேல இல்ல, பக்கத்துல இருக்காரு, அதனால அவருக்கும் 2. அடுத்து 236 எடுத்த 106, அவருக்கு மேல மூணு பேர், அதனால அவரு 4. இங்கதான் நிறைய பேர் "3 எங்க போச்சு"ன்னு தடுமாறி 106க்கு 3ன்னு திருத்திருவாங்க. திருத்தாதீங்க, அவருக்கு மேல நிஜமாவே மூணு பேர் நிக்கிறாங்க. 207 எடுத்த மூணு பேருக்கும் மேல நாலு பேர், அதனால மூணு பேருக்கும் 5. கடைசியா இருக்கிற 108க்கு மேல ஏழு பேர், 8.

ஆக வரிசை 1, 2, 2, 4, 5, 5, 5, 8. பேப்பர்ல கையால போடுறதா இருந்தா டோட்டல் படி இறக்கி எழுதிட்டு ஓரத்துல பென்சில்ல 1லேர்ந்து 8 வரைக்கும் போட்டுக்கோங்க, அப்புறம் ஒரே டோட்டல் இருக்கிற கூட்டத்துல முதல் ஆளோட நம்பர மத்தவங்களுக்கும் கொடுத்துருங்க. அதே விடைதான் வரும்.

சில இடங்கள்ல நம்பர் விட்டுப் போகாம 1, 2, 2, 3, 4, 4, 4, 5ன்னு போடுவாங்க. அதுவும் ஒரு முறைதான், தப்புன்னு சொல்ல மாட்டேன். அதுல எண்றது மேல இருக்கிற ஆட்கள இல்ல, மேல எத்தனை வேற வேற டோட்டல் இருக்குன்னு. ஆனா எட்டு பேர் இருக்கிற வகுப்புல கடைசி ஆளுக்கு 5ன்னு வந்தா, அத வாசிக்கிறவங்க மேல நாலு பேர்தான் இருக்காங்கன்னு நினைப்பாங்க. ரேங்க்ங்கிற வார்த்தைக்கு நாம சாதாரணமா எடுத்துக்கிற அர்த்தம் முதல் முறையிலதான் இருக்கு, அதனால நான் அதத்தான் போடுவேன். எது போட்டாலும் மார்க் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. மார்க் வந்தப்புறம் முறைய மாத்தினா அது யாரோ ஒரு பிள்ளைக்காக மாத்தின மாதிரிதான் தெரியும்.

சரி, ரேங்க் போடுறதுக்கு முன்னாடி டோட்டல் சரியான்னு பாக்கணும். இந்த வரிசைய மாத்தாதீங்க. ஒரே டோட்டல்ங்கிறது ரொம்ப மெல்லிசான விஷயம், ஒரு மார்க் தப்பா ஏறினாலும் சேர்ந்து நிக்க வேண்டியவங்க பிரிஞ்சிருவாங்க, பிரிஞ்சு நிக்க வேண்டியவங்க சேர்ந்துருவாங்க.

E2-ல இத போட்டு E9 வரைக்கும் இழுங்க:

```
=SUM(B2:D2)
```

`=B2+C2+D2`ன்னு போடாதீங்க, ஏன்னா AB இருக்கிற வரியில அது `#VALUE!`ன்னு நிக்கும். SUM எழுத்த கண்டுக்காம எண்கள மட்டும் கூட்டிரும். இந்த நல்ல குணமே பின்னாடி ஒரு ஆபத்தாவும் ஆகும், கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

அடுத்து நெடுக கூட்டணும். B10-ல `=SUM(B2:B9)` போட்டு E10 வரைக்கும் குறுக்க இழுங்க. நம்ம லிஸ்ட்ல மொழி 594, கணக்கு 561, அறிவியல் 601 வரும். இந்த மூணையும் கூட்டினா 1756. E10-ல எட்டு பேரோட டோட்டல் எல்லாம் சேர்ந்து வந்திருக்கும், அதுவும் 1756தான் வரணும். E11-ல இப்படி ஒரு செக் போட்டு வைங்க:

```
=SUM(B10:D10)-E10
```

பூஜ்யம் வந்தா குறுக்க கூட்டினதும் நெடுக கூட்டினதும் ஒத்துப் போகுதுன்னு அர்த்தம். யாரோ ஒருத்தருக்கு டோட்டல்ல ஃபார்முலாவ அழிச்சுட்டு கையால 235ன்னு அடிச்சிருந்தாலோ, நடுவுல ஒரு பாடம் சேர்த்தப்போ ஒரு வரியோட SUM மட்டும் அந்த புது பாடத்த விட்டிருந்தாலோ இந்த செக் உடனே காட்டிக் கொடுத்துரும்.

ஆனா பூஜ்யம் வந்துருச்சுன்னு அங்கேயே நிறுத்திராதீங்க, இதுதான் நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது. 107வது பிள்ளையோட கணக்கு மார்க் 80, அத யாரோ மெசேஜ்ல அனுப்பி நீங்க காப்பி பண்ணி ஒட்டினீங்கன்னு வச்சுக்கோங்க. செல்லுல 80ன்னுதான் தெரியும், ஆனா சில நேரம் அது எண்ணா ஒட்டாம எழுத்தா ஒட்டிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி கூடவே வந்திருக்கலாம், இல்ல அந்த செல்லே டெக்ஸ்ட்னு செட் ஆகியிருக்கலாம். SUM என்ன பண்ணும், எழுத்துன்னு விட்டுரும். 107க்கு டோட்டல் 207க்கு பதிலா 127. நெடுக கூட்டும்போதும் அதே செல்ல விட்டுரும், கணக்கு 561க்கு பதிலா 481. ரெண்டு பக்கமும் ஒரே 80 குறைஞ்சதால ரெண்டு பக்கமும் 1676, வித்தியாசம் பூஜ்யம்! செக் சரின்னு சொல்லுது, பிள்ளைக்கு 80 மார்க் போச்சு.

இத புடிக்க எண்ணிப் பாக்கணும். எட்டு பேர், மூணு பாடம்னா 24 செல். அதுல எண் எத்தனை, AB எத்தனைன்னு கேளுங்க:

```
=COUNT(B2:D9)+COUNTIF(B2:D9,"AB")
```

COUNT உண்மையான எண்கள மட்டும்தான் எண்ணும். நம்ம லிஸ்ட்ல எண் 23, AB ஒண்ணு, 24 வரணும். 23தான் வருதுன்னா ஒரு செல் எழுத்தா இருக்கு, இல்ல காலியா இருக்கு, இல்ல யாரோ ABக்கு பதிலா வேற ஏதோ அடிச்சிருக்காங்க. கண்ணாலயும் ஓரளவு கண்டுபிடிக்கலாம், நீங்க நடுவுல ஒதுக்காம விட்டிருந்தா எண்கள் செல்லோட வலது பக்கமும் எழுத்து இடது பக்கமும் ஒட்டி நிக்கும், இடது பக்கம் ஒட்டின 80 ஒண்ணு தனியா தெரியும். அந்த செல்ல சுத்தமா அழிச்சுட்டு கையால திரும்ப அடிங்க, டெக்ஸ்ட்னு செட் ஆகியிருந்தா முதல்ல அத ஜெனரல்னு மாத்திட்டு அடிங்க. கூடவே `=MAX(B2:D9)` ஒண்ணு போட்டு வச்சா 91 அடிக்கப் போய் 911ன்னு விழுந்தது தெரிஞ்சுரும், 100க்கு மேல எதுவும் வரக்கூடாது இல்ல.

இதுக்கு அப்புறமும் ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கலாம். பேப்பர்ல 67, நீங்க அடிச்சது 76. எண்தான், 100க்குள்ளதான், குறுக்க நெடுக ரெண்டும் ஒத்துப் போகும். எந்த ஃபார்முலாவும் இத தானா கண்டுபிடிக்காது, ஏன்னா ஷீட்டுக்குத் தெரிஞ்சதே நீங்க அடிச்சதுதான். அதனால வெளியிலேர்ந்து ஒரு டோட்டல் வேணும். பாட ஆசிரியர் கையெழுத்துல கொடுக்கிற லிஸ்ட்ல அடியில அவங்களையே கூட்டிப் போடச் சொல்லுங்க. அவங்க கணக்குக்கு 561ன்னு போட்டிருக்காங்க, உங்க C10-ல 570 வருதுன்னா எங்கயோ இடிக்குது. வித்தியாசம் 9. ரெண்டு இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் எப்பவும் 9ஓட பெருக்கமாதான் வரும், 67-76க்கு 9, 28-82க்கு 54. 80 அடிக்கும்போது பூஜ்யத்த விட்டு 8ன்னு அடிச்சாலும் 72, அதுவும் 9ஓட பெருக்கம்தான். அதனால வித்தியாசம் 9ஆல மிச்சமில்லாம வகுபட்டா முதல்ல இலக்கம் மாறினத, பூஜ்யம் விட்டத தேடுங்க, பாதி நேரம் மிச்சம். கட்டாயம் அதுவாதான் இருக்கும்னு இல்ல, 80 அடிக்கப் போய் 89 அடிச்சாலும் 9தான் வரும், ஆனா தேட ஆரம்பிக்க நல்ல இடம்.

இந்த ஒரு இலக்கம் ரேங்க்ல என்ன செய்யும்னு பாருங்க. 105க்கு 67க்கு பதிலா 76 ஏறினா டோட்டல் 216. அஞ்சாவது இடத்துல மூணு பேர் சேர்ந்து நின்னது போயி 105 மட்டும் 5, 102உம் 107உம் 6. மார்க்கே மாறாத ரெண்டு பிள்ளைங்க ஒரு இடம் கீழ போயிட்டாங்க. அவங்க விடைத்தாள எத்தனை தடவை எடுத்துப் பாத்தாலும் காரணம் கிடைக்காது, ஏன்னா தப்பு இன்னொருத்தர் வரியில இருக்கு.

டோட்டல் நம்பலாம்னு ஆனப்புறம் ரேங்க். G2-ல (F-ஐ இப்போதைக்கு காலியா விடுங்க, பின்னாடி வேணும்) இப்படி போட்டு G9 வரைக்கும் இழுங்க:

```
=COUNTIF($E$2:$E$9,">"&E2)+1
```

வாசிச்சுப் பாருங்க, மேல சொன்ன அதே வாக்கியம்தான்: E2-ஐ விட பெரிய டோட்டல் எத்தனைன்னு எண்ணு, ஒண்ணு கூட்டு. `=RANK.EQ(E2,$E$2:$E$9,0)` போட்டாலும் இதே விடைதான் வரும், கடைசில இருக்கிற 0 பெரிய மார்க் முதல்லங்கிறதுக்கு. எனக்கு COUNTIF புடிக்கும், ஏன்னா யாராவது "ஏன் 4"ன்னு கேட்டா ஃபார்முலாவையே காட்டி விளக்கிரலாம். லிஸ்ட்ட முன்னாடியே வரிசைப்படுத்தணும்னு அவசியம் இல்ல, எந்த வரிசையில இருந்தாலும் ரேங்க் சரியா வரும்.

அந்த டாலர் குறிய மட்டும் விட்டுராதீங்க. அது இல்லாம இழுத்தா ஒவ்வொரு வரிக்கும் ஒப்பிடுற இடமும் ஒரு வரி கீழ நகர்ந்துரும், 3வது வரி E3:E10-ஐ பாக்கும், 4வது வரி E4:E11-ஐ பாக்கும். நம்ம லிஸ்ட்ல அப்படி செஞ்சா மேலேர்ந்து 2, 5, 3, 2, 3, 2, 2, 2ன்னு வரும். ஒரு பாடம் எழுதாத 108 ரெண்டாவது! முதல் இடம் யாருக்குமே இல்ல, ஏன்னா E10-ல இருக்கிற கிராண்ட் டோட்டல் 1756 உள்ள புகுந்து முதல் இடத்த புடிச்சுக்கிச்சு. எட்டு பேர் லிஸ்ட்ல இது பளிச்சுன்னு தெரியும், அறுபது பேர் லிஸ்ட்ல மேல இருக்கிற நாலஞ்சு ரேங்க் நம்புற மாதிரி வந்துட்டா கவனிக்காம போயிரும். அதனால எப்பவும் கடைசி வரிய ஒரு தடவை பாருங்க, ரொம்ப கம்மியான டோட்டலுக்கு சின்ன ரேங்க் வந்திருந்தா டாலர் போச்சுன்னு அர்த்தம்.

தசம மார்க் இருந்தா இன்னும் ஒரு விஷயம். 0.1, 0.2 மாதிரி எண்கள கம்ப்யூட்டர் துல்லியமா வச்சுக்க முடியாது, ரொம்ப ரொம்ப சின்ன மிச்சம் ஒட்டிக்கும். ரெண்டு பேருக்கும் 84.3ன்னு திரையில தெரியும், உள்ள கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இருந்தா ரேங்க் பிரிஞ்சிரலாம். டோட்டல்லயே `=ROUND(SUM(B2:D2),2)`ன்னு போட்டா தீர்ந்தது. இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் நடக்கும், தசமத்த மறைச்சு வச்சா 252.6உம் 253.4உம் ரெண்டுமே 253ன்னு தெரியும் ஆனா ரேங்க் வேற வேற வரும், பாக்கிறவங்க லிஸ்ட் தப்புன்னு நினைப்பாங்க. எந்த எண்ண வச்சு ரேங்க் போட்டீங்களோ அதே எண்ணத்தான் பிரிண்ட்லயும் காட்டணும்.

இப்போ F எதுக்குன்னு சொல்றேன். ஆப்சென்ட் ஆனவங்களுக்கும் ஃபெயில் ஆனவங்களுக்கும் ரேங்க் கிடையாதுன்னு உங்க இடத்துல விதி இருக்கலாம். அப்போ அவங்க ரேங்க்க அழிச்சுட்டு கோடு போட்டா போதும்னு தோணும், போதாது. 106 வாங்கின 236, மொழி 99, கணக்கு 99, அறிவியல் 38ன்னு வந்த 236னு வச்சுக்கோங்க, பாஸ் மார்க் 40. அவரு ஃபெயில், ரேங்க் இல்ல. கோடு மட்டும் போட்டா லிஸ்ட் 1, 2, 2, கோடு, அப்புறம் 5, 5, 5. ரேங்க் வரிசையிலேயே இல்லாத ஒருத்தர் அந்த மூணு பிள்ளைங்களையும் ஒரு இடம் கீழ தள்ளிட்டாரு, அவங்களுக்கு மேல நிக்கிறது மூணு பேர்தான், 4 வரணும். அதனால F-ல பாஸ் ஆனவங்களுக்கு P, மத்தவங்களுக்கு F போட்டுட்டு, G-ல இப்படி மாத்துங்க:

```
=IF(F2="P",COUNTIFS($E$2:$E$9,">"&E2,$F$2:$F$9,"P")+1,"-")
```

எனக்கு மேல இருக்கிற பாஸ் ஆனவங்க எத்தனை பேர், கூட ஒண்ணு. இப்போ 207 எடுத்த மூணு பேருக்கும் 4 வரும், 106க்கும் 108க்கும் கோடு வரும்.

எல்லாம் சரியா வந்தப்புறம் முழு டேபிளையும், தலைப்பு வரிலேர்ந்து 9வது வரி வரைக்கும், A-லேர்ந்து G வரைக்கும் சேர்த்து செலக்ட் பண்ணி, முதல்ல டோட்டல் பெருசுலேர்ந்து சின்னது, அப்புறம் எண் சின்னதுலேர்ந்து பெருசுன்னு வரிசைப்படுத்துங்க. 10வது, 11வது வரிகள சேர்க்காதீங்க. ஒரே ஒரு நெடுவரிசைய மட்டும் செலக்ட் பண்ணி வரிசைப்படுத்தினா ஒருத்தர் மார்க் இன்னொருத்தர் எண்ணுக்கு நேரா போய் உக்காந்துரும், அப்பவும் செக் பூஜ்யம்தான் காட்டும், ஏன்னா நெடுக கூட்டினா எண்கள் அதேதான். அதனால வரிசைப்படுத்தினப்புறம் ரெண்டு மூணு பேர எடுத்து கையெழுத்து லிஸ்ட்டோட எண், மூணு மார்க், டோட்டல் எல்லாம் ஒப்பிட்டுப் பாருங்க, அதுல ஒருத்தர் ஒரே டோட்டல் கூட்டத்துல இருக்கிறவரா இருக்கட்டும்.

பிரிண்ட் எடுக்கும்போது லிஸ்ட்டுக்கு அடியில நான் ரெண்டு வரி போடுவேன்: "ஒரே மொத்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஒரே இடம். ஒரு இடத்தை எத்தனை பேர் பகிர்கிறார்களோ, அதற்கேற்ப அடுத்த இடங்கள் விடப்பட்டுள்ளன." அதுக்கப்புறம் 3 எங்க போச்சுன்னு கேட்டு யாரும் வந்ததில்ல.